உப்பே போடாத தொட்டி ஏன் அதிகம் கரிக்கிறது?

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள். பெரியதில் 1000 லிட்டர், சின்னதில் 500 லிட்டர். பெரிய தொட்டியில் 8 கிலோ உப்பைக் கொட்டிக் கரைத்தாகிவிட்டது. சின்னதில் இருப்பது உப்பே இல்லாத நல்ல தண்ணீர். இரண்டையும் குழாய்களால் இணைத்து மோட்டாரைப் போடுகிறோம். பெரிய தொட்டிக்குள் வெளியிலிருந்து நல்ல தண்ணீரும் வந்து விழுகிறது. அரை மணி நேரம் கழித்து இரண்டிலும் ஆளுக்கொரு மடக்கு எடுத்து வாயில் விட்டுப் பார்த்தால் எது அதிகம் கரிக்கும்?

உப்பைக் கொட்டிய பெரிய தொட்டி என்றுதான் யாருக்கும் சொல்லத் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் பெரிய தொட்டியில் லிட்டருக்கு 3.4 கிராம் உப்பு இருக்கும், சின்னதில் 4 கிராம். பொறியியல் கல்லூரி முதலாண்டுக் கணக்குப் புத்தகங்களில் 'கலவைக் கணக்கு' என்று வரும் இந்தக் கணக்கைப் பலர் சூத்திரம் போட்டு விடை எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விடுவார்கள். விடைக்குள் இருக்கும் இந்த வேடிக்கை கண்ணில் படாமலே போகும்.

முதலில் குழாய்களைப் பார்ப்போம். வெளியிலிருந்து பெரிய தொட்டிக்கு நிமிடத்துக்கு 25 லிட்டர் நல்ல தண்ணீர் வருகிறது. பெரியதிலிருந்து சின்னதுக்கு நிமிடத்துக்கு 40 லிட்டர் போகிறது. சின்னதிலிருந்து 15 லிட்டர் பெரியதுக்கே திரும்பி வருகிறது, மீதி 25 லிட்டர் வெளியே போய்விடுகிறது. பெரிய தொட்டிக்கு வரவு 25-ம் 15-ம் சேர்ந்து 40, செலவும் 40. சின்னதுக்கும் அப்படியே. ஆகவே இரண்டிலும் தண்ணீர் மட்டம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. உப்பின் அளவு மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

பெரிய தொட்டியில் உள்ள உப்பை x கிலோ என்றும், சின்னதில் உள்ளதை y கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். பெரிய தொட்டியின் 1000 லிட்டரில் நிமிடத்துக்கு 40 லிட்டர் வெளியேறுகிறது. தண்ணீர் நன்றாகக் கலங்கியிருந்தால், அதிலுள்ள உப்பிலும் அதே பங்கு, அதாவது நூற்றுக்கு நான்கு, போய்விடும். சின்னதின் 500 லிட்டரில் 40 போவதால் நூற்றுக்கு எட்டு போகும். அதில் 15 லிட்டரோடு போகும் நூற்றுக்கு மூன்று பெரிய தொட்டிக்குத் திரும்பி வருகிறது. எழுதினால் இப்படி:

x' = −0.04x + 0.03y
y' = 0.04x − 0.08y

x' என்பது பெரிய தொட்டியில் உப்பு நிமிடத்துக்கு எவ்வளவு மாறுகிறது என்பது. மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இரண்டு வரிகளை எழுதும்போதுதான். பிறகு வருவது வெறும் இயற்கணிதம். திரும்பி வரும் 15 லிட்டரைப் பெரிய தொட்டியின் 1000-ஆல் வகுத்துவிடுவார்கள். அந்தத் தண்ணீர் கிளம்பிய இடம் சின்னத் தொட்டி, அதனால் 500-ஆல்தான் வகுக்க வேண்டும். தப்பு நேர்ந்ததா என்று பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. இரண்டு வரிகளையும் மேலிருந்து கீழாகக் கூட்டுங்கள். x-இன் கீழே −0.04-ம் 0.04-ம் சேர்ந்து பூஜ்யம்: பெரிய தொட்டியை விட்டுப் போகும் உப்பு முழுக்கச் சின்னதுக்கே போகிறது, எதுவும் வெளியே போகவில்லை. y-இன் கீழே 0.03-ம் −0.08-ம் சேர்ந்து −0.05: 500 லிட்டரில் 25 வெளியே போவதற்குச் சரியான கணக்கு. உப்புக் கணக்கு இப்படி நேர்பட வரவில்லையென்றால் மேற்கொண்டு எதையும் செய்வது வீண்.

ஒரே ஒரு தொட்டி இருந்தால் இந்தக் கணக்கு சின்னது. இருப்பதில் நிமிடத்துக்கு இத்தனை விழுக்காடு குறைகிறது என்றால், வட்டி ஏறுவது போலவே, ஆனால் தலைகீழாக, அடுக்குக்குறியில் தேய்ந்துகொண்டே போகும். விழுக்காடு தெரிந்தால் எல்லாம் தெரிந்த மாதிரி. இங்கே சிக்கல் என்னவென்றால் x எப்படி மாறும் என்பதற்கு y தெரிய வேண்டும், y எப்படி மாறும் என்பதற்கு x தெரிய வேண்டும். ஒன்றின் கை மற்றதன் கையில் மாட்டியிருக்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் விழுக்காடே மாறிக்கொண்டிருக்கும்.

அப்படி மாறாத நிலை ஏதாவது உண்டா என்று தேடுவதுதான் இந்தக் கணக்கின் சூட்சுமம். இரண்டு தொட்டிகளிலும் உப்பை ஏதோ ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் போட்டு வைத்தால், இரண்டும் ஒரே விழுக்காட்டில் குறைந்துகொண்டு வராதா? அப்படி வந்தால் விகிதம் கடைசிவரை மாறாது. இரண்டு தொட்டிகளும் சேர்ந்து ஒற்றைத் தொட்டி போலவே நடந்துகொள்ளும்.

சின்னதில் உள்ள உப்பு பெரியதைப்போல m மடங்கு என்று வைப்போம்: y = mx. பெரிய தொட்டி மாறும் விகிதம் −0.04 + 0.03m ஆகிறது. சின்னது மாறும் விகிதம் 0.04/m − 0.08. இரண்டும் சமமாக இருக்க வேண்டும். சமப்படுத்தி m-ஆல் பெருக்கிச் சுருக்கினால் பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடுதான் மிஞ்சுகிறது:

3m² + 4m − 4 = 0
(3m − 2)(m + 2) = 0

ஆக m ஒன்று 2/3, இல்லையென்றால் −2. முதலாவதை முன் சொன்ன விகிதத்தில் போட்டால் −0.02 வருகிறது, இரண்டாவதைப் போட்டால் −0.1. இவைதான் ஐகன் மதிப்புகள். கல்லூரியில் இதையே எண்களை 2×2 அணியாக எழுதி, அணிக்கோவையைப் பூஜ்யத்துக்குச் சமப்படுத்திக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அங்கே முதலில் ஐகன் மதிப்பு வரும், பிறகு விகிதம் வரும். நாம் விகிதத்தை முதலில் பிடித்தோம். இரண்டுக்கும் மேலான தொட்டிகள் வந்தால் அணி வழிதான் கைகொடுக்கும். சரிபார்க்கவும் அது உதவும்: இரண்டு மதிப்புகளின் கூட்டுத்தொகை −0.12, அணியின் மூலைவிட்டத்திலுள்ள −0.04, −0.08 இரண்டின் கூட்டுத்தொகையும் அதுவே.

முதல் விகிதத்தைக் கையாலேயே சோதித்துப் பார்க்கலாம். பெரியதில் 3 கிலோ, சின்னதில் 2 கிலோ. பெரியதில் லிட்டருக்கு 3 கிராம், சின்னதில் 4 கிராம். பெரியதிலிருந்து நிமிடத்துக்கு 40 லிட்டரோடு 120 கிராம் போகிறது, 15 லிட்டரோடு 60 கிராம் திரும்புகிறது; நிகர இழப்பு 60 கிராம், 3 கிலோவில் நூற்றுக்கு இரண்டு. சின்னதுக்கு 120 கிராம் வருகிறது, 160 கிராம் போகிறது. இழப்பு 40 கிராம், 2 கிலோவில் அதுவும் நூற்றுக்கு இரண்டு. சொல்லிவைத்தாற்போல் பொருந்துகிறது.

இரண்டாவது விகிதம்தான் குழப்பும். பெரியதில் 1 கிலோ இருந்தால் சின்னதில் −2 கிலோ. குறை எண்ணில் உப்பு எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. இது தனியாக ஒரு தொட்டியில் இருக்கக்கூடிய கலவை அல்ல. முதல் விகிதத்திலிருந்து நம் தொட்டிகள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை அளக்கிறது இது: பெரியதில் கொஞ்சம் கூடுதல், சின்னதில் அதைப்போல இரண்டு மடங்கு குறைச்சல். அந்த விலகல் நிமிடத்துக்கு நூற்றுக்குப் பத்து என்ற வேகத்தில் கரைந்துபோகிறது. முதல் கலவையோ நூற்றுக்கு இரண்டு என்று நிதானமாகத் தேய்கிறது.

நம்முடைய 8 கிலோவை இப்போது இரண்டாகப் பிரிக்கலாம். முதல் கலவையில் இரண்டு பங்கு எடுத்தால் பெரியதில் 6, சின்னதில் 4. இரண்டாவதில் இரண்டு பங்கு எடுத்தால் பெரியதில் 2, சின்னதில் −4. கூட்டினால் பெரியதில் 8, சின்னதில் 0. தொடக்கத்தில் நாம் வைத்தது இதைத்தான். ஒவ்வொரு பங்கும் தன் தன் வேகத்தில் மற்றதைச் சட்டைசெய்யாமல் தேயும் என்பதால் விடை உடனே கிடைத்துவிடுகிறது:

x = 6e^(−0.02t) + 2e^(−0.1t)
y = 4e^(−0.02t) − 4e^(−0.1t)

t என்பது நிமிடம். இந்த விடையைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலே கதை தெரிகிறது. ஒரு மணி நேரத்தில் e^(−0.1t) என்ற துண்டு நானூறில் ஒரு பங்காகச் சுருங்கி, இருந்த இடம் தெரியாமல் போகிறது. பிறகு மிஞ்சுவது 6-க்கு 4, அதாவது 3-க்கு 2 என்ற விகிதம் மட்டும். நாம் உப்பை எங்கே கொட்டினோம் என்பதையே தொட்டிகள் மறந்துவிடுகின்றன. மொத்த 8 கிலோவையும் சின்னதில் கொட்டியிருந்தாலும் முடிவில் இதே 3-க்கு 2 தான் வரும்.

சின்னத் தொட்டியில் உப்பு பூஜ்யத்திலிருந்து ஏறி, ஒரு உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்குகிறது. உச்சம் எப்போது? வகைக்கெழுவைப் பூஜ்யமாக்கினால் e^(0.08t) = 5, ஏறக்குறைய 20-ஆவது நிமிடம். அப்போது சின்னதில் 2.14 கிலோ, பெரியதில் 4.28 கிலோ. இரண்டிலுமே லிட்டருக்கு 4.28 கிராம்! இது தற்செயல் இல்லை. சின்னதுக்கு வரும் 40 லிட்டரும் அதை விட்டுப் போகும் 40 லிட்டரும் ஒரே அளவு உப்பைச் சுமந்தால்தான் அங்கே ஏற்றமும் இறக்கமும் நிற்கும். அந்த ஒரு கணத்தில்தான் இரண்டும் ஒரே மாதிரி கரிக்கும். அதற்குப் பிறகு நல்ல தண்ணீர் வந்து விழுகிற பெரிய தொட்டி முந்திக்கொண்டு தெளிகிறது. அதன் பழைய உப்பை வாங்கிக்கொண்டிருக்கும் சின்னது பின்தங்கி, கடைசிவரை லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கரிக்கிறது.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்குகிறது. இரண்டு தொட்டிகளையும் ஒன்றாக்கி 1500 லிட்டர் ஒற்றைத் தொட்டி என்று குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டால், நிமிடத்துக்கு 25 லிட்டர் போவதால் நூற்றுக்கு 1.67 வீதம் உப்பு குறையும் என்று வரும். உண்மையில் குறைவது நூற்றுக்கு 2. எங்கிருந்து வந்தது இந்தக் கூடுதல் வேகம்? வடிகுழாய் இருப்பது அதிகம் கரிக்கும் தொட்டியில். வெளியே போகும் ஒவ்வொரு லிட்டரும் சராசரியை விட அதிக உப்பை அள்ளிக்கொண்டு போகிறது.

எத்தனை நேரத்தில் குடிக்க முடியும்? குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500. வீட்டில் பலர் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது இதைத்தான். சின்னத் தொட்டியில் அந்த அளவு என்றால் 250 கிராம் உப்பு. அந்த நேரத்தில் வேகமான துண்டு செத்துப்போயிருக்கும், அதனால் முதல் துண்டை மட்டும் பார்த்தால் போதும்: 4 கிலோ பதினாறில் ஒன்றாகக் குறைய வேண்டும். கிட்டத்தட்ட 139 நிமிடம். அதற்குள் 3400 லிட்டருக்கும் மேல் நல்ல தண்ணீர் உள்ளே போயிருக்கும். மோட்டாரை நிறுத்தி இரண்டையும் காலிசெய்துவிட்டு மறுபடி நிரப்பினால் செலவு 1500 லிட்டர்தான். தண்ணீர்க் கஷ்டம் உள்ள ஊரில் கணக்கு தெரிந்தவர் இரண்டாவதைத்தான் செய்வார்.

இந்தக் கணக்கில் வந்த இரண்டு மதிப்புகளும் வெவ்வேறான மெய்யெண்களாக இருந்தது நாம் எண்களைப் பார்த்துப் பொறுக்கியதால் இல்லை. இருபடிச் சமன்பாட்டின் தன்மைகாட்டி இங்கே (0.04 − 0.08)² + 4 × 0.03 × 0.04. முதல் பகுதி வர்க்கம், குறையாகாது. இரண்டாவது, போகும் குழாயையும் திரும்பும் குழாயையும் பெருக்கி வருவது. இரண்டிலும் தண்ணீர் ஓடும்வரை அதுவும் நேரெண். ஆகவே இரண்டு தொட்டிகளுக்கு நடுவே உப்பு ஊஞ்சலாடுவதில்லை. திரும்பும் குழாயை அடைத்து, தொட்டிகளையும் ஒரே அளவாக வைத்தால் மட்டும் இரண்டு மதிப்புகளும் ஒன்றாகிவிடும். அப்போது விடையின் வடிவமே மாறி, te^(−kt) என்ற உறுப்பு உள்ளே வரும். மூன்று தொட்டிகளை வட்டமாக, ஒரே திசையில் ஓடும்படி இணைத்தால் கற்பனை எண்கள் வந்து ஊசலாட்டமும் எட்டிப்பார்க்கும்.

ஊசலாட முடியாத இந்தத் தொட்டிகளைக் கணினி ஊசலாட வைத்துவிடும். எக்செல் தாளில் சின்னச் சின்ன அடியாக நகர்ந்து கணக்குப் போடுவது பலர் செய்வது: இப்போதைய வேகத்தை நேர இடைவெளியால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போவது. ஆய்லர் முறை என்று பெயர். நிமிடத்துக்கு 2 விழுக்காடுதானே குறைகிறது, 25 நிமிட இடைவெளி போதாதா என்று நினைத்தால் கிடைப்பது இது: தொடக்கத்தில் பெரியதில் 8, சின்னதில் 0. அடுத்த வரியில் 0, 8. அதற்கடுத்து 6, −8. அதற்கும் அடுத்து −6, 14. மூன்றே அடியில் சின்னத் தொட்டியில் 14 கிலோ உப்பு. நாம் போட்டதே 8 கிலோ.

காரணம் அந்த வேகமான, செத்துப்போன துண்டு. ஒவ்வொரு அடியிலும் அது 1 − 0.1 × 25, அதாவது −1.5-ஆல் பெருக்கப்படுகிறது. விடையில் அதற்கு மதிப்பே இல்லாத நேரத்திலும் கணக்குப் போடும் முறையில் அது உயிரோடு இருந்து ஆட்டிவைக்கிறது. இடைவெளி 20 நிமிடத்துக்குக் கீழே இருந்தால்தான் அது அடங்கும். கிடைக்கும் எண்கள் நம்பும்படி இருக்க ஒன்றிரண்டு நிமிடம் வைப்பது நல்லது. இடைவெளியைத் தீர்மானிப்பது வேகமான ஐகன் மதிப்பு, காத்திருக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது நிதானமான மதிப்பு. இரண்டும் ஆயிரம் மடங்கு வித்தியாசத்தில் இருந்தால் சாதாரண ஆய்லர் முறையே உதவாது. அதற்கென்றே வேறு முறைகள் இருக்கின்றன.

நிஜத் தொட்டியில் அளந்தால் இந்த வளைகோடு வருமா? தண்ணீர் நன்றாகக் கலங்கினால் வரும். சின்னத் தொட்டியின் அளவுகளை மடக்கை எடுத்து நேரத்துக்கு எதிராக வரைந்தால், முதல் ஒரு மணி நேரம் கழித்து நேர்கோடாக ஓட வேண்டும்; அதன் சரிவு −0.02. அந்த நேர்கோட்டைத் தொடக்கம் வரை பின்னோக்கி நீட்டி, அதிலிருந்து ஆரம்ப அளவுகளைக் கழித்தால் மிஞ்சுவதும் மடக்கையில் ஒரு நேர்கோடு, சரிவு −0.1. இப்படித் தோலுரிப்பது போல ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கலாம். கடைசியில் கோடு மறுபடி வளைந்து இன்னும் சோம்பலாக இறங்கினால், தொட்டியின் ஏதோ மூலையில் தண்ணீர் கலங்காமல் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். அந்த மூலை கணக்கில் மூன்றாவது தொட்டியாகிவிட்டது.

இதே தோலுரிப்பை மருந்தியல் துறையில் அன்றாடம் செய்கிறார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த டார்ஸ்டன் டியோரெல் 1937-இல் வெளியிட்ட கட்டுரைகளில், உடலுக்குள் மருந்து பரவுவதை இப்படி இணைந்த அறைகளாக வைத்துச் சமன்பாடு எழுதினார். ரத்தம் ஒரு தொட்டி, திசுக்கள் இன்னொரு தொட்டி. மருந்து இரண்டுக்கும் நடுவே போய்வருகிறது, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. ஊசி போட்டதும் ரத்தத்தில் மருந்தளவு முதலில் மளமளவென்று இறங்கும். அது பெரும்பாலும் மருந்து திசுக்களுக்குள் பரவுவது. பிறகு வரும் நிதானமான சரிவுதான் மருந்து உடலை விட்டுப் போகும் வேகத்தைக் காட்டும்.

இதய நோயாளிகளுக்குத் தரும் டிஜாக்சின் மருந்தின் அளவைப் பார்க்க ரத்தம் எடுப்பதென்றால், மருந்து கொடுத்து ஆறு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முன் எடுத்தால் வேகமான துண்டு இன்னும் தேயாமல் இருக்கும், ரத்தத்தில் எண் பெரிதாகத் தெரியும். இதயத் தசைக்குப் போய்ச் சேர்ந்திருப்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பு இருக்காது. அதை நம்பி 'மருந்து ஜாஸ்தி' என்று முடிவுகட்டினால், தேவைப்படும் மருந்தைக் காரணமே இல்லாமல் குறைத்துவிட நேரும்.